ஆவணத் தொகுப்பா, பணிக்கோவையா?

ஆசிரியப் பயிற்சி பெறுவோர் அண்மையில் ஒரு கல்லூரியில் ஒப்படைத்த கோப்புகளைத் திருத்தும் வேலை எனக்கு வந்தது. எல்லா அட்டைகளிலும் ‘ஆவணத் தொகுப்பு’ என்று அச்சிட்டிருந்தார்கள். தம் கற்பித்தல் பணிக்கான சான்றுகளை ஆசிரியர் திரட்டிவைக்கும் போர்ட்ஃபோலியோ என்பதற்கு அவர்களுக்குத் தரப்பட்ட தமிழ் அது. உள்ளே கருத்தரங்கச் சான்றிதழ்கள், வண்ண அட்டையோடு சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள், ஓர் ஆண்டின் பாடக்குறிப்புகள் முழுவதும் கிடந்தன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேட்ட சொல்லுக்கு ஏற்றதைத்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

போர்ட்ஃபோலியோ இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. முற்பாதிக்குச் சுமத்தல் என்று பொருள். பிற்பாதி இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழியே தாளைக் குறித்தது. தாள்களைச் சுமக்கும் உறை என்பதே மூலப்பொருள். அமைச்சரின் இலாகாவும் முதலீட்டாளரின் பங்குத் திரட்டும் அந்த உறையிலிருந்து கிளைத்த பொருள்களே. இலையைத் தாளாக்கிய அதே வழியில் நமக்கும் ஏடு என்ற சொல் உண்டு.

ஆசிரியர் கல்விக்குள் போர்ட்ஃபோலியோ வேரூன்ற 1980-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கல்வியாளர் லீ ஷுல்மன் குழுவினர் செய்த ஆய்வு பெருங்காரணம். அவர்கள் கேட்டது மாணவர் எழுதியவற்றையும், அவற்றைப் பற்றி ஆசிரியர் எண்ணி எழுதியதையும். இந்த இரண்டுமே ‘ஆவணம்’ என்ற சொல்லில் ஒலிக்கவில்லை. ஆவணம் என்றால் நம் காதில் பத்திரமும் முத்திரையும் பதிவு அலுவலகமும்தான் விழும். ஒரு சிறுமி தப்பாகப் போட்ட கணக்கை யார் ஆவணம் என்பார்? ஆனால் அந்தத் தப்புக் கணக்குத்தான் இங்கே தலையாய சான்று.

‘தொகுப்பு’ அதைவிடக் கெடுதல் செய்கிறது. தொகுத்தல் என்றால் ஒன்றுசேர்த்தல். எந்த அடிப்படையில் என்று அச்சொல் கேட்பதே இல்லை. ‘கோவை’ கேட்கும். கோத்தல் என்றால் நூல் வேண்டும், துளை வேண்டும், வரிசை வேண்டும். கோவை என்ற சிற்றிலக்கியத்தில் நானூறு பாட்டுகளும் அகப்பொருளின் ஒரே கதைப்போக்கில் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கும். இடம் மாற்றினால் தொடர் அறும். எனவே ‘பணிக்கோவை’ என்கிறேன். கோவை என்றதும் நகரமும் கொடியும் நினைவுக்கு வரும் என்பவர்களுக்கு, முன்னே ‘பணி’ நிற்கும்போது அந்தக் குழப்பம் எழாது என்பதே என் விடை.

அந்தக் கோப்புகளுள் ஒன்றில், பின்பக்கம் செருகிய ஒரு துண்டுத்தாளில் இப்படி எழுதியிருந்தது: “ஆறாம் வகுப்பில் பாதிப்பேர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினார்கள். மேல் எண்களைத் தனியாகக் கூட்டுகிறார்கள், கீழ் எண்களைத் தனியாக. நாளை காகிதப் பட்டை.” தேடியபோது மறுநாள் பாடக்குறிப்பு வேறோரிடத்தில் கிடைத்தது. பட்டையை மடித்து, 2/5 அரைப்பட்டையை விடவே சிறியது என்று காட்டியிருக்கிறார். அரையோடு இன்னொன்றைக் கூட்டிய பிறகு அரையை விடக் குறையுமா என்று பிள்ளைகளையே கேட்டிருக்கிறார். ஒரே பிள்ளையின் நோட்டுப் பக்கங்கள் இரண்டின் நகலும் இருந்தன. முதலாவதில் 2/5, அடுத்ததில் 5/6.

இவை நான்கும் நான்கு மூலைகளில் கிடந்தன. ‘மாணவர் பிழையைக் கண்டறிந்து கற்பித்தலை மாற்றுதல்’ என்ற திறனின் கீழ் நாள் வரிசையில் வைத்தால் போதும்: முதல் நோட்டுப் பக்கம், துண்டுத்தாள், மாற்றிய பாடக்குறிப்பு, இரண்டாம் பக்கம். மேலே நான்கு வரியில், எது மாறியது, எதனால் மாறியது என்று எழுதவேண்டும். ஒரு பிள்ளையின் நோட்டு வகுப்பு முழுவதற்கும் சான்றாகாது. எத்தனை பேர் இன்னும் தவறுகிறார்கள் என்ற கணக்கும் வேண்டும். அது அவரிடம் இல்லை. கோத்துப் பார்த்தபோதுதான் அந்த இடைவெளியே கண்ணில் பட்டது. தொகுப்பாகக் கிடந்தவரை கோப்பு நிறைந்தே தெரிந்தது.

கோப்போடு நிரப்பித் தரவேண்டிய படிவத்தில், பாடம் முடிந்தபின் எழுதும் ரிஃப்ளெக்ஷனுக்குப் ‘பிரதிபலிப்பு’ என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி பிரதிபலிக்கும், நடந்ததை அப்படியே காட்டும். அதனால்தான் “பாடம் நன்றாக நடந்தது, மாணவர்கள் ஆர்வமாகப் பங்கேற்றனர்” என்று பக்கம் பக்கமாக வருகிறது. ‘மீள்நோக்கு’ என்று கேட்டிருந்தால் திரும்பிப் பார்க்கும் ஓர் ஆள் அங்கே இருந்தாக வேண்டும். அகராதியில் முதலில் அகப்பட்ட சொல்லை எடுத்துப் படிவத்தில் ஏற்றுகிறவர்கள், அந்தப் படிவத்தை ஒருமுறையாவது தாங்களே நிரப்பிப் பார்க்கட்டும். துண்டுத்தாளில் அந்த ஆசிரியை எழுதியது மீள்நோக்கு. படிவத்தின் பிரதிபலிப்புக் கட்டத்தில், அதே நாளுக்கு, “பாடம் இனிதே முடிந்தது” என்றுதான் அவர் எழுதியிருந்தார்.