பித்தளை மரையைப் பிடித்துக்கொள்வது எது?

3டி பிரிண்டரில் செய்த பெட்டியின் மூடியை, பிளாஸ்டிக்கிலேயே திருகு ஏற்றி மாட்டினால், சில தடவை கழற்றியதும் மரை தேய்ந்து திருகு சும்மா சுற்றும். அதற்காகத்தான் பித்தளை இன்செர்ட் என்ற சிறு குழாயை வைக்கிறோம். அதன் உள்ளே மரை இருக்கும், வெளியே சாய்வான வரிப்பள்ளங்கள் இருக்கும். சால்டரிங் அயர்னால் சூடாக்கி இறக்கும்போது, உருகிய பிளாஸ்டிக் அந்தப் பள்ளங்களில் புகுந்து உறைகிறது. பித்தளையோடு அது ஒட்டுவதில்லை. பள்ளத்துக்குள் உறைந்த பிளாஸ்டிக்தான் இன்செர்ட்டைச் சுற்றவும் விடாது, மேலே வரவும் விடாது.

ஆகவே பள்ளம் நிறையும் அளவுக்குப் பிளாஸ்டிக் அங்கே இருக்க வேண்டும். 4.6 மி.மீ. வெளிவிட்டமும் 5.7 மி.மீ. நீளமும் உள்ள, 3 மி.மீ. திருகுக்கான ஒரு எம்3 இன்செர்ட்டை எடுத்துக்கொள்வோம். அதற்கு 4 மி.மீ. குழி போதும். ஆழத்தை 7.5 மி.மீ. வைத்தால், கீழே தள்ளப்படும் பிளாஸ்டிக்குக்கும் திருகின் நுனிக்கும் இடம் கிடைக்கும்.

குழியைத் தாங்கும் தூணின் வெளிவிட்டம் 9 மி.மீ. என்றால் சுற்றுச்சுவர் 2.5 மி.மீ. வரும். ஆனால் மாடலை அடுக்குகளாகப் பிரிக்கும் ஸ்லைசர் மென்பொருளில் சுவர் எண்ணிக்கையை இரண்டாக விட்டால், குழியை ஒட்டி 0.9 மி.மீ. அளவுதான் கெட்டியாக இருக்கும். அதற்கும் தூணின் வெளிச்சுவருக்கும் நடுவே பெரும்பாலும் வெற்றிடம். பலரும் கோட்டைவிடும் இடம் இது. சுவரை ஐந்து அல்லது ஆறாக உயர்த்தினால் தூண் முழுக்கக் கெட்டியாகிவிடும். தூணைத் தனியாக நிறுத்தவும் கூடாது. பக்கவாட்டில் இடித்தால் அடியில் அடுக்கு பிரிந்து ஒடியும். பெட்டியின் சுவரோடு ஒரு விலாவால் இணைத்து, அடிமூலையை வளைவாக்குங்கள்.

அயர்னின் சூடு, பிஎல்ஏ பிளாஸ்டிக் என்றால் 220 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கலாம். அழுத்த வேண்டாம், அயர்னின் எடையே மெதுவாக இறக்கும். விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையமாகப் பொங்கினால் சூடு அதிகமாக இருக்கும், அல்லது குழி சிறியதாக இருக்கும். அரை மி.மீ. மிச்சமிருக்கும்போது அயர்னை எடுத்துவிட்டு, தட்டையான உலோகத் துண்டால் சமமாக அழுத்திப் பத்து விநாடி பிடியுங்கள். சாய்வும் அப்போதே சரியாகும். ஆறியதும் நீளமான திருகு ஒன்றை ஏற்றிப் பார்த்தால், அது நேராக நிற்கிறதா என்று கண்ணுக்கே தெரியும்.

இவ்வளவும் செய்தும், இறுக்கும்போது இன்செர்ட் பிடுங்கிக்கொண்டு வருகிறதா? அப்படியானால் மூடியைப் பாருங்கள். அதன் துளை இன்செர்ட்டைவிடப் பெரிதாக இருந்தாலோ, இன்செர்ட் விளிம்புக்குக் கீழே தாழ்ந்திருந்தாலோ, திருகு அதை ஜாக்கிபோல மேலே இழுக்கும். துளை 3.4 மி.மீ. இருந்து, இன்செர்ட் விளிம்போடு சமமாக இருந்தால், மூடியின் அடிப்பக்கம் பித்தளையின் மேலேயே உட்காரும். அப்போது இறுக்கும் விசையை மூடியும் பித்தளையும் தங்களுக்குள் தாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் பள்ளங்களுக்கு அந்தச் சுமை போகாது.