மறுபடியும் ஒரு காகம்: குழந்தைகள் அனிமேஷனுக்குக் கதை எழுதுகிறவர்களுக்கு

"ஒரு ஊரில் ஒரு காகம் இருந்தது. அதற்கு மிகவும் தாகமாக இருந்தது. அங்கும் இங்கும் பறந்து தண்ணீர் தேடியது. எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பானையைக் கண்டது."

தாகம் கொண்ட காகத்தின் கதை 90 நொடி வீடியோவுக்கு 'ஸ்கிரிப்ட்' என்ற பெயரில் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. மேலே 'காட்சி 1' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அது காட்சி ஆகிவிடும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. இது பாட்டி மடியில் உட்கார்ந்து கேட்கிற கதை. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் இதை வைத்து ஒரு படம்கூட வரைய முடியாது.

முதல் வாக்கியத்தை விட்டுவிடுங்கள், காகம் இருப்பதைக் காகத்தை வரைந்தாலே சொல்லியாகிவிட்டது. இரண்டாவதைப் பாருங்கள். தாகம் உடம்புக்குள் இருப்பது, அதை எப்படி வரைவது? வெயிலில் நிற்கும் நிஜக் காகத்தைக் கொஞ்ச நேரம் கவனித்தால் விடை கிடைக்கும். அலகைத் திறந்தபடி மூச்சிரைக்கும், சிறகை உடம்போடு ஒட்டாமல் சற்று அகட்டி வைத்திருக்கும். இந்த இரண்டையும் எழுதுங்கள், தாகம் வந்துவிடும். 'சோகமான முகத்துடன்' என்று எழுதினால், வரைகிறவர் காகத்துக்குப் புருவம் வரைந்து ஒரு கண்ணீர்த் துளியும் சேர்ப்பார். அப்புறம் தாகத்தில் தவிக்கும் காகத்துக்குக் கண்ணில் மட்டும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஏதாவது ஒரு குழந்தை கேட்கும்.

'எங்கும் கிடைக்கவில்லை' இன்னும் மோசம். இல்லாததை வரைய முடியாது. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதைத்தான் வரைய முடியும். வெடித்துக் கிடக்கும் குளம், அதற்கடுத்து ஓர் அடிகுழாய். காகம் குழாயின் வாய்க்குள் அலகை விட்டு எடுக்கிறது, அலகு நுனியிலிருந்து மணல் உதிர்கிறது. நான்கு நொடியில் முடிந்தது. இந்த இரண்டு இடங்களையும் கடைசியில் வரும் கொல்லைப்புறத்தையும் தனித்தனிப் பின்னணியாகக் கேட்காதீர்கள். திரையைப் போல மூன்று மடங்கு அகலத்தில், அதாவது 5760க்கு 1080 பிக்சலில், ஒரே நீளப் படமாகக் கேளுங்கள். காகம் இடமிருந்து வலமாகப் பறக்கும், கேமரா கூடவே நகரும். தேடல் முடியும் வரை திசையை மட்டும் மாற்றிவிடக் கூடாது. நடுவில் ஒருமுறை வலமிருந்து இடமாகப் பறந்தாலும், அது வீட்டுக்குத் திரும்பிவிட்டது என்றுதான் குழந்தை எடுத்துக்கொள்ளும்.

இப்போது மிகவும் எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். 'படத்தில் இல்லாவிட்டால் என்ன, கதைசொல்லியின் குரல் சொல்லிவிடுமே!'

சொல்லாது. சொல்லும், ஆனால் யாருக்கும் கேட்காது. மூன்று, நான்கு வயதுக் குழந்தை திரையில் அசைவதைத்தான் முதலில் பிடிக்கும். படத்தில் காகம் சும்மா சிறகடிக்க, குரல் மட்டும் குளம், கிணறு, ஆறு என்று அடுக்கிக்கொண்டே போனால், குழந்தைக்கு மிஞ்சுவது சிறகடித்த காகம் மட்டும்தான். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. காகம் கல்லை எடுக்கிறது, குரல் "காகம் ஒரு கல்லை எடுத்தது" என்கிறது. போடுகிறது, "பானைக்குள் போட்டது" என்கிறது. இது கிரிக்கெட் வர்ணனை அல்லவே! கண் பார்த்ததையே காதும் சொல்லிக்கொண்டிருந்தால், குழந்தை தானாகக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை.

சரிபார்க்க எளிய வழி உண்டு. எழுதியதிலிருந்து குரல் பகுதியை முழுக்க அடித்துவிட்டு மீதியை மட்டும் படியுங்கள். கதை புரிந்தால் அது காட்சி. கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டாலே முழுக் கதையும் புரிகிறது என்றால், நீங்கள் எழுதியிருப்பது வானொலி நாடகம். குரலுக்குப் படம் சொல்ல முடியாத வேலையைக் கொடுங்கள். எண்ணுவது, கேள்வி கேட்பது, பெயர் சொல்வது போன்றவை. "இப்போ என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டு இரண்டு நொடி சும்மா இருங்கள். அந்த மௌனத்தையும் ஸ்கிரிப்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் குரல் கொடுப்பவர் நிறுத்தாமல் படித்துவிட்டுப் போய்விடுவார்.

அளவும் முக்கியம். இந்த வயதுக்குச் சொல்லும் வேகத்தில் நிமிடத்துக்கு 80 தமிழ்ச் சொற்கள் போனாலே அதிகம். 90 நொடிப் படத்தில் பாதி நேரம் குரலே இல்லாமல் இருக்க வேண்டும் என்றால், மொத்தமாக 60 சொற்கள். கைக்கு வரும் ஸ்கிரிப்டுகளில் முதல் காட்சியே அதைத் தாண்டிவிடுகிறது. கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, வாய்விட்டு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி படித்துப் பாருங்கள். மனசுக்குள் படித்தால் கணக்கு தப்பும்.

இனி பானை. இந்தக் கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது, எழுதுகிறவர்கள் ஒரே வரியில் தாண்டுவதும் அதைத்தான்: 'தண்ணீர் மெல்ல மெல்ல மேலே வந்தது.' யாருக்குத் தெரியும்? மண்பானைக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாதே! பக்கவாட்டில் வரைந்தால், காகம் கல் போடும், அப்புறம் குடிக்கும். நடுவில் தண்ணீர் ஏறியதைக் குழந்தை பார்க்கவே இல்லை. பானையின் முன்பக்கச் சுவர் கண்ணெதிரே ஒரு நொடியில் மங்கி, உள்ளே தெரிய வேண்டும். சட்டென்று வேறு படத்துக்கு வெட்டக் கூடாது. வெட்டினால் சின்னக் குழந்தை அதை வேறொரு பானை என்று நினைக்கும். கழுத்து, விளிம்பு, விளிம்பில் உட்கார்ந்திருக்கும் காகத்தின் கால் எல்லாம் அப்படியே இருக்க, சுவர் மட்டும் மறைய வேண்டும்.

அடுத்தது தண்ணீரின் அளவு. 'அடியில் கொஞ்சம் தண்ணீர்' என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அப்படியானால் காகம் எத்தனை கல் போட்டாலும் குடிக்க முடியாது. பாத்திரம் நிறையக் கல்லைப் போட்டாலும், கற்களுக்கு இடையிலான சந்துகள் மொத்த இடத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் இருக்கும். அதைவிடத் தண்ணீர் குறைவாக இருந்தால் அந்தச் சந்துகளுக்குள்ளேயே நின்றுவிடும், விளிம்புக்கு வரவே வராது. ஒரு கண்ணாடி டம்ளரில் கால்வாசி தண்ணீர் ஊற்றிக் கூழாங்கல்லால் நிரப்பிப் பாருங்கள், பிறகு பாதி ஊற்றிப் பாருங்கள். வீடியோ பார்த்த குழந்தை இதைத்தான் வீட்டில் செய்யப்போகிறது. அதனால் பாதித் தண்ணீர் என்று எழுதுங்கள். கூடவே பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் கூழாங்கல் வாய்க்குத்தான் போகும், பக்கத்தில் இருங்கள்.

நிஜப் பறவைக்கு இது வருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக: காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் பறவைகள், குழாயில் கல் போட்டு, மிதக்கும் புழுவை எட்டும் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றியதை கிறிஸ்டோபர் பேர்டும் நேதன் எமரியும் 2009இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். காகம் கல்லைத் தூக்குவதே கற்பனை என்று எண்ணிக்கொண்டு பறவையின் கையில் வாளி கொடுக்க வேண்டாம்.

பானையும் பெரிதாக வேண்டாம். இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கல் ஏறக்குறைய 8 மில்லி இடத்தைத்தான் பிடிக்கும். ஒரு லிட்டர் கூஜாவில் பாதித் தண்ணீர் இருந்தாலே, விளிம்பு வரை ஏற்ற 60 கல்லுக்கு மேல் வேண்டும். குடத்தை வரைந்தால் காகம் சாயங்காலம் வரை போட வேண்டியதுதான். குறுகிய கழுத்துள்ள சின்ன மண்கூஜா போதும். அந்த இடம் இப்படி எழுதப்பட வேண்டும்:

காட்சி 6. கொல்லைப்புறம், பகல். 14 நொடி.
படம்: கூஜா திரையின் நடுவில், முன்சுவர் மறைந்து பாதித் தண்ணீர் தெரிகிறது. காகம் இடப்பக்கமிருந்து வந்து விளிம்பில் உட்கார்ந்து கல்லை விடுகிறது. கல் அடியில் போய் உட்கார்ந்த பிறகே நீர்மட்டம் ஒரு கோடு ஏறுகிறது. காகம் தலையைச் சாய்த்து உள்ளே பார்க்கிறது (1 நொடி, அசைவில்லை). இதே அசைவு இன்னும் இருமுறை.
ஒலி: 'ப்ளக்.' ஒவ்வொரு கல்லுக்கும் சற்றே உச்சமான சுருதியில்.
குரல்: "ஒண்ணு." "ரெண்டு." "மூணு."

உண்மையில் கல் தண்ணீருக்குள் இறங்கும்போதே மட்டம் ஏறிவிடும் என்று இயற்பியல் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். சரிதான். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் அசைந்தால் குழந்தை கல்லை மட்டும்தான் பார்க்கும். அரை நொடி தள்ளிவைப்பது தெரிந்தே செய்கிற பொய். மூன்று கற்களுக்குப் பிறகு, பக்கத்தில் கிடக்கும் கல்குவியல் குறைந்து குறைந்து காலியாவதைக் காட்டினால் மீதிக் கற்களும் கணக்கில் வந்துவிடும்.

'இதே அசைவு இருமுறை' என்ற வரிதான் செலவை மிச்சப்படுத்துவது. நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 90 நொடிக்கு 1080 படங்கள். அத்தனையும் யாரும் வரையப்போவதில்லை. தலை, அலகு, சிறகு, கால் எனத் துண்டுதுண்டாக வெட்டி வைத்த ஒரே காகத்தைத்தான் அசைப்பார்கள். ஒரு பறப்பு, ஓர் உட்காருதல், ஒரு கல் போடுதல் ஆகிய மூன்றும் சுழற்சியாக இருந்தால் படம் முழுக்க ஓடும். ஆனால் எழுதுகிறவர் போகிறபோக்கில் 'காகம் முதுகைக் காட்டித் திரும்புகிறது' என்று ஒரு வரி போட்டால், அந்தக் கோணத்துக்கு எல்லாத் துண்டுகளையும் புதிதாக வரைய வேண்டும். பக்கவாட்டு, முக்கால் திருப்பம் என்ற இரண்டு கோணங்களில் கதையை முடியுங்கள், தயவுசெய்து.

வெயில் கொடுமையைக் காட்ட 'திரை சிவப்பும் வெள்ளையுமாகப் பளிச் பளிச்சென்று மின்ன' என்று எழுதுவதை மட்டும் கட்டாயம் நிறுத்துங்கள். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில், சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய சில நொடிகளால் 600க்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பலருக்கு வலிப்பு. நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது என்பது விதி. குழந்தைகள் படத்தில் ஒன்றுகூட எதற்கு? வெயிலுக்குக் கானல் அசைவு போதும்.

கடைசிக் காட்சியில் காகம் கூஜாவுக்குள் அலகை விட்டு உறிஞ்சிக்கொண்டே இருப்பதாக எழுதாதீர்கள். புறாதான் அப்படிக் குடிக்கும். காகம் அலகில் தண்ணீரை அள்ளி, தலையை அண்ணாந்து, தொண்டையில் இறக்கும். ஒரு மிடறுக்கு இரண்டு நொடி, மூன்று மிடறு. முதல் காட்சியில் அகட்டி வைத்திருந்த சிறகு மூன்றாவது மிடறில் உடம்போடு ஒட்டட்டும். குரல் வேண்டாம். 'முயற்சி திருவினையாக்கும்' என்ற எழுத்தும் திரையில் வேண்டாம். பார்க்கிற குழந்தைக்கு இன்னும் படிக்கத் தெரியாது.