ஒரு வசனத்தை அசைபோடுவது எப்படி?

மாடு மேயும்போது புல்லை அதிகம் மெல்லுவதில்லை. விழுங்கி வைத்துக்கொண்டு, பிறகு நிழலில் படுத்து, விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக அசைபோடும். கிறிஸ்தவத் துறவிகள் தங்கள் மறைநூல் வாசிப்புக்கு இந்த உவமையைத்தான் சொன்னார்கள். அந்த வாசிப்பின் பெயர் 'லெக்சியோ திவினா', அதாவது இறைவாசிப்பு.

இது முதலில் வாயின் வேலை. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தம் மடத்துக்கு ஒழுங்குகளை எழுதிய புனித பெனடிக்ட், 48ஆம் அதிகாரத்தில் கைவேலைக்கும் வாசிப்புக்கும் நேரம் பிரிக்கிறார். கோடைக்காலத்தில் காலை வேலை முடிந்ததும் ஏறக்குறைய பத்து மணியிலிருந்து நண்பகல் வரை வாசிப்பு. பகல் ஓய்வின்போது யாராவது வாசிக்க விரும்பினால், மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் வாசிக்கட்டும் என்றும் சேர்க்கிறார். தனியாக வாசிப்பதும் பக்கத்துப் படுக்கைக்குக் கேட்டது என்பது இதிலிருந்து தெரிகிறது. அக்காலச் சுவடிகள் பலவற்றில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. உச்சரித்துப் பார்த்தால்தான் சொல் எங்கே முடிகிறது என்று எளிதில் பிடிபடும்.

தியானம் என்ற சொல்லும் அப்போது கண்மூடி உட்கார்வதைக் குறிக்கவில்லை. ஆண்டவரின் திருச்சட்டத்தை இரவும் பகலும் தியானிப்பவரைப் பற்றி முதல் திருப்பாடல் பேசுகிறது. அங்குள்ள எபிரேய வினைச்சொல் 'ஹாகா', முணுமுணுப்பது. எசாயா 31ஆம் அதிகாரத்தில் இரைமேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும் அதே சொல்தான். ஒரு வசனத்தை உதட்டில் வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடமாக்கி, கூடை முடையும்போதும் விடாமல் சொல்வதுதான் பழைய துறவிகளின் தியானம்.

இந்தப் பழக்கத்தை நான்கு படிகளாக வகுத்துக் காட்டியவர் இரண்டாம் கிகோ. 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையிலுள்ள, கார்த்தூசியத் துறவற சபையின் தலைமை மடத்தின் தலைவர். வாசிப்பு, தியானம், செபம், ஆழ்நிலைத் தியானம் என்று ஏணிபோல் அடுக்குகிறார். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்கிறது, செபம் சுவையைக் கண்டெடுக்கிறது, நான்காம் படியே அந்த இனிமை.

அவர் எடுத்துக்கொண்ட வசனம் ஒன்றே ஒன்று: "தூய்மையான உள்ளத்தோர் பேறுபெற்றோர், ஏனெனில் அவர்கள் கடவுளைக் காண்பர்." முதலில் அதை வாசிக்கிறார். பிறகு ஒரு சொல்லில் நிற்கிறார். உடல் தூய்மையானவர் என்று சொல்லாமல் ஏன் 'உள்ளம்'? இந்தக் கேள்வியைக் கடிக்கும்போது மனப்பாடமாயிருக்கும் வேறு வரிகள் தாமாக எழுகின்றன. கறைபடாத கைகளோடு மாசற்ற மனமும் கேட்கும் 24ஆம் திருப்பாடல். "தூயதோர் உள்ளத்தை என்னுள்ளே படைத்தருளும்" என்ற 51ஆம் திருப்பாடல். கண்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட யோபு. விளக்கவுரை எதையும் புரட்டாமல், விவிலியத்தை விவிலியத்தாலேயே மெல்கிறார். மெல்ல மெல்ல ஓர் உண்மை உறைக்கிறது: இந்தத் தூய்மை தன் முயற்சியால் வராது. அந்த இடத்தில்தான் தியானம் தானாகச் செபமாகிறது. இதுவரை வசனத்தைப் பற்றி யோசித்தவர், இப்போது கடவுளிடம் 'நீர்' என்று பேசத் தொடங்குகிறார். அடுத்த படிக்கு ஏறியாயிற்று என்பதற்கு அந்த 'நீர்' போதுமான அடையாளம்.

இன்று தொடங்குபவருக்கு அரை மணி நேரமும் ஐந்தாறு வசனங்களும் தாராளம். கண்ட பக்கத்தைத் திறக்காமல், ஒரு நூலை எடுத்து நாள்தோறும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது நல்லது. இல்லாவிட்டால் பிடித்த வரிகளையே சுற்றிச் சுற்றி வருவோம். ஒரு சொல் பிடித்து நிறுத்தினால், மீதிப் பகுதியை நாளைக்கு விட்டுவிடலாம்.

எங்கே கெடுகிறது? மனம் வசனத்தை விட்டு நழுவி, சொந்த நினைவுகளில் நெடுந்தூரம் போய்விடும். வசனத்தைப் பார்க்காமல் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். சொல்ல வரவில்லையென்றால் வாசிப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். வாசிப்பில்லாத தியானம் வழிதவறும், தியானமில்லாத வாசிப்பு வறண்டுபோகும் என்கிறார் கிகோ. இன்னொன்று, 'இதை மறையுரையில் சொல்லலாமே' என்ற எண்ணம். குருக்களுக்கு இது ஓயாத சோதனை. சமைப்பவர் நினைப்பு வந்துவிட்டால் உண்பவர் எழுந்து போய்விடுகிறார்.

எல்லாவற்றிலும் பழையது 'அக்கேதியா' என்னும் மனச்சோர்வு. 4ஆம் நூற்றாண்டு எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் அதை அப்படியே படம்பிடித்திருக்கிறார்: வாசிப்பவர் கொட்டாவி விடுகிறார், கண்ணைக் கசக்குகிறார், சுவரைப் பார்க்கிறார், இன்னும் எவ்வளவு மீதி என்று ஏடுகளை எண்ணுகிறார், கடைசியில் நூலை மூடித் தலைக்கு வைத்துத் தூங்கிவிடுகிறார். வாசிப்பு நேரத்தில் மூத்த துறவிகள் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றிவர வேண்டும் என்று பெனடிக்ட் விதித்தது இதற்காகத்தான். மடத்துக்கு வெளியே, சத்தமாக வாசிப்பதே அந்த மூத்தவரின் வேலையைப் பெருமளவு செய்கிறது. குரல் தளர்ந்தால் காது கண்டுபிடித்துவிடும்.

நான்காம் படிக்குச் செய்முறை கிடையாது, அது கொடுக்கப்படுவது. வந்தாலும் நெடுநேரம் நிற்காது. உணர்ச்சியைக் கிளப்பி அதைப் பிடித்து வைக்கப் பார்ப்பவர்களுக்குக் களைப்புதான் மிஞ்சும். அந்த ஒளியை மனக்கண் தாங்க முடியாதபோது, ஏறி வந்த மூன்று படிகளில் ஏதாவது ஒன்றுக்கு மெதுவாக இறங்கிவிடும்படி கிகோ சொல்கிறார்.