எது எத்தனை மடங்கு முக்கியம்: ஒப்பீட்டு அணியிலிருந்து எடைகள் வரும் வழி

ஒரு வட்டாரத்தில் நிலத்தடி நீர் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை வரைபடமாக்க வேண்டும். பாறை வகை, தரைச் சரிவு, நிலப் பயன்பாடு மூன்றும் நீர் ஊறுவதைப் பாதிக்கின்றன. எதற்கு எத்தனை சதவீதம் கொடுப்பது? நிலவியலாளரிடம் நேரடியாகக் கேட்டால் அவரே தடுமாறுவார். "பாறையா சரிவா, எது முக்கியம், எத்தனை மடங்கு?" என்று இரண்டிரண்டாகக் கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவார்.

தாமஸ் சாட்டி என்ற கணிதவியலாளர் 1970களில் இதை ஒரு முறையாக வகுத்தார். ஏ.எச்.பி. என்று அழைக்கப்படும் அந்த முறையில் பதில்கள் 1 முதல் 9 வரையிலான எண்கள். 1 என்றால் இரண்டும் சமம், 9 என்றால் ஒன்று மற்றதைவிட மிக மிக முக்கியம். நம் நிலவியலாளர் பாறை சரிவைவிட 3 மடங்கு, சரிவு நிலப் பயன்பாட்டைவிட 2 மடங்கு, பாறை நிலப் பயன்பாட்டைவிட 5 மடங்கு என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பக்கக் கட்டங்களில் தலைகீழ் எண்களை நிரப்பினால் அணி தயார்:

```
1     3     5
1/3   1     2
1/5   1/2   1
```

அவர் சொன்னதில் சின்னப் பிசிறு ஒன்று இருக்கிறது. 3 மடங்கும் 2 மடங்கும் சேர்ந்தால் 6 வர வேண்டும். அவர் 5 என்றார். மனிதர்கள் இப்படித்தான் பதில் சொல்வார்கள். பிசிறே இல்லாவிட்டால் எந்த நெடுவரிசையை எடுத்தாலும் அதே விகிதம் கிடைத்திருக்கும், கணக்கே தேவைப்பட்டிருக்காது.

பிசிறு இருக்கும்போது என்ன செய்வது? முதல் வரிசையைப் பாருங்கள். பாறையின் எடை என்ன என்பதற்கு அதில் மூன்று மதிப்பீடுகள் இருக்கின்றன: பாறையின் எடையே, சரிவின் எடையைப் போல 3 மடங்கு, நிலப் பயன்பாட்டின் எடையைப் போல 5 மடங்கு. மூன்றையும் கூட்டினால் பாறையின் எடையைப் போல ஏறக்குறைய 3 மடங்கு வர வேண்டும். மற்ற வரிசைகளுக்கும் இதே நிபந்தனைதான். எல்லா வரிசைகளிலும் கூட்டுத்தொகை எடையைப் போல ஒரே மடங்காக அமையும்படி எடைகளைத் தேர்ந்தால், அதுவே அணியின் முதன்மை ஐகன் வெக்டர். அந்த மடங்குதான் மிகப் பெரிய ஐகன் மதிப்பு. அணியின் எண்கள் எல்லாமே நேர்மறை என்பதால் அப்படிப்பட்ட வெக்டர் கட்டாயம் உண்டு, அதன் எடைகளும் நேர்மறையாகவே இருக்கும் என்பதை கணிதவியலாளர் பெரான் 1907லேயே நிறுவிவிட்டார்.

கண்டுபிடிப்பது எளிது. மூன்றுக்கும் 1 என்று தொடங்கி அணியால் பெருக்குங்கள், 9, 3.33, 1.7 வரும். கூட்டுத்தொகை 1 ஆகும்படி வகுத்தால் 0.641, 0.238, 0.121. மீண்டும் பெருக்கி வகுத்தால் 0.649, 0.230, 0.122. அடுத்த சுற்றில் 0.648, 0.230, 0.122, இனி மூன்றாம் தசம இடம்கூட அசையாது. பாறைக்கு ஏறக்குறைய 65 சதவீதம், சரிவுக்கு 23, நிலப் பயன்பாட்டுக்கு 12.

ஐகன் மதிப்பு 3.004 வருகிறது. முரணே இல்லாவிட்டால் அது சரியாக 3. முரண் கூடக் கூட அதுவும் கூடும், ஒருபோதும் 3க்குக் கீழே போகாது. சோதனை இந்த மிகையை வைத்துத்தான். கீழே λmax அந்த ஐகன் மதிப்பு, n காரணிகளின் எண்ணிக்கை, CI முரணின் அளவு, CR அந்த அளவின் விகிதம்:

```
CI = (λmax − n) / (n − 1)
CR = CI / RI
```

RI என்பது கண்மூடித்தனமாக நிரப்பிய அணிகளில் வரும் சராசரி CI. மூன்று காரணிகளுக்கு சாட்டியின் அட்டவணையில் அது 0.58. நம் CR 0.003தான். 0.10 வரை ஏற்கலாம் என்பது வழக்கம்.

நடைமுறையில் அடிக்கடி நேரும் பிழை, எண்ணைத் தலைகீழாக எழுதிவிடுவது. பாறைக்கும் நிலப் பயன்பாட்டுக்கும் 5க்குப் பதில் 1/5 என்று பதிந்துவிட்டால் எடைகள் 0.27, 0.28, 0.44 ஆகிவிடும்; கடைசியில் இருந்த நிலப் பயன்பாடு முதலிடத்துக்கு வந்துவிடும். எடைகளை மட்டும் பார்த்தால் சந்தேகமே வராது. ஐகன் மதிப்போ 4.43க்குத் தாவுகிறது, CR 1.23! கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியதன் சராசரியைவிட மோசம்.

எந்தக் கட்டம் தவறு என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு எண்ணையும் அதற்குரிய எடைகளின் விகிதத்தோடு ஒப்பிட வேண்டும். நான்கு காரணிகளோ அதற்கு மேலோ இருந்தால், தவறு ஒரே கட்டத்தில் இருக்கும்போது அங்கேதான் விலகல் பெரிதாகத் தெரியும். மூன்றே காரணிகள் என்றால் இந்த வழி உதவாது. மேலே உள்ள பிழையில் மூன்று ஒப்பீடுகளுமே தத்தம் விகிதத்திலிருந்து ஒரே அளவில், 3.1 மடங்கு, விலகி நிற்கின்றன. மூன்றையும் நிபுணரிடம் திரும்பக் கேட்பதுதான் வழி. CR குறையும் வரை எண்களை நாமே திருத்துவது கூடாது. அப்படிச் செய்தால் அந்த எடைகள் நிபுணருடையவை அல்ல.

CR குறைவு என்பதால் எடைகள் சரி என்றும் ஆகிவிடாது. சரிவுதான் பாறையைவிட 3 மடங்கு முக்கியம் என்று ஒருவர் கடைசிவரை முரணில்லாமல் சொன்னால் CR பூஜ்யமாகவே வரும். ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறை. அங்கே நீர் நிற்பது பெரும்பாலும் சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும்தான். ஆகவே வரைபடம் தயாரானதும், அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே உள்ள கிணறுகளின் நீர் வரத்தை அதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல வளம் என்று காட்டும் பகுதியில் கிணறுகள் வறண்டு கிடந்தால், CR எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒப்பீடுகளை முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான்.