சொல் விளக்கம்: செக்மென்ட் – வணிகக் கூறு

ஆண்டறிக்கையின் வணிக அறிமுகப் பகுதியில் முதற்பத்தி பெரும்பாலும் நிறுவனத்தின் நோக்கத்தையே பேசும். நிறுவனம் எதை விற்கிறது என்பதை அறிய விரும்புபவர் அதைக் கடந்து, ‘எங்கள் தொழில் இத்தனை செக்மென்ட்டுகளாக அமைந்துள்ளது’ என்ற வாக்கியத்தைத் தேட வேண்டும்.

‘வெட்டு’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல், வெட்டி எடுத்த துண்டைக் குறிக்கும். நம் பள்ளிக் கணிதத்தின் ‘வட்டத்துண்டு’, ‘கோட்டுத்துண்டு’ ஆகியவை இதே சொல்லின் தமிழாக்கங்கள்தாம். கணக்கியலில் இதன் பொருள் இன்னும் குறுகியது. பன்னாட்டு நிதி அறிக்கைத் தரம் 8, அதையொட்டிய இந்தியக் கணக்கியல் தரம் 108 ஆகியவற்றின்படி, வருவாய் ஈட்டி, செலவு செய்து, தனக்கெனத் தனி நிதிவிவரம் கொண்டிருப்பதோடு, நிறுவனத்தின் தலைமை முடிவெடுப்பாளர் எதன் செயல்பாட்டைத் தவறாமல் பரிசீலித்து வளங்களை ஒதுக்குகிறாரோ அந்தப் பகுதியே செக்மென்ட். ஆகவே வெட்டுக்கோடு பொருள்வாரியாகத்தான் விழும் என்பதில்லை; நிர்வாகம் தன் தொழிலை எப்படிப் பார்க்கிறதோ அப்படி விழும். மொத்த வருவாயிலோ, இலாபத்திலோ, சொத்திலோ 10 விழுக்காட்டைத் தொடும் பகுதியைத் தனியே காட்டியாக வேண்டும்.

தமிழில் இதைப் ‘பிரிவு’ என்று எழுதுவது வழக்கம். ஆனால் சட்டப்பிரிவு, அலுவலகப் பிரிவு என அச்சொல் ஏற்கெனவே பல வேலைகளைச் செய்கிறது. ‘துறை’ என்பதும் தொழில்துறை முழுவதையும் சுட்டிவிடுகிறது. முழுமையை ஒருவர் தம் நோக்கத்திற்கேற்பப் பங்கிட்டது என்ற பொருள் ‘கூறு’ என்ற சொல்லில் உண்டு. கூறுபோடுதல் என்பது அந்தச் செயலைத்தானே சொல்கிறது. எனவே ‘வணிகக் கூறு’ என்பதே பொருந்தும் என்பது என் துணிபு.

அமேசானின் 2023ஆம் ஆண்டறிக்கையை எடுத்துக்கொள்வோம். வணிக அறிமுகம் மூன்று கூறுகளைச் சொல்கிறது: வட அமெரிக்கா, பன்னாடு, ஏ.டபிள்யூ.எஸ். முதலிரண்டும் நிலப்பரப்பின்படி வெட்டப்பட்டவை. மூன்றாவது, கணினித் திறனையும் சேமிப்பிடத்தையும் வாடகைக்குத் தரும் சேவை. நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளில் உள்ள கூறுவாரி அட்டவணைக்குச் சென்றால், சுமார் 57,500 கோடி டாலர் விற்பனையில் ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் பங்கு 9,080 கோடி டாலர், அதாவது 16 விழுக்காடு மட்டுமே. ஆனால் மொத்தச் செயல்பாட்டு இலாபமான 3,685 கோடியில் 2,463 கோடி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அதிலிருந்தே வருகிறது. பன்னாட்டுக் கூறோ அவ்வாண்டு இழப்பில் இருந்தது.

இத்தோடு நின்றால் வட அமெரிக்கக் கூறு என்ன விற்கிறது என்பது விளங்காது. அதே குறிப்புகளில் பொருள், சேவை வாரியாக வருவாயைக் காட்டும் இன்னோர் அட்டவணை உண்டு. கூறுகளை எப்படி வெட்டினாலும் இந்த விவரத்தைத் தரவேண்டும் என்பது கணக்கியல் தரங்களின் விதி. அதில் இணையக் கடை விற்பனை சுமார் 23,200 கோடி டாலர். பிற வணிகர்களுக்கு இடமும் கிடங்கும் விநியோகமும் அளித்துப் பெறும் கட்டணம் சுமார் 14,000 கோடி. விளம்பரம் சுமார் 4,700 கோடி. கடைக்காரர் என்று நாம் நினைத்த நிறுவனம், மற்ற கடைக்காரர்களுக்குச் சேவை விற்பவராகவும் விளம்பர இடம் விற்பவராகவும் இங்கேதான் தெரிகிறது. இந்த அட்டவணைக்கும் ஓர் எல்லை உண்டு: வரிக்கு வரி வருவாய் மட்டுமே இருக்கும், இலாபம் இருக்காது. விளம்பரம் எவ்வளவு ஈட்டித் தருகிறது என்பதை இதை வைத்துக் கணக்கிட முடியாது. ஊகிக்க மட்டுமே முடியும்.

அட்டவணையின் கடைசி வரியான ‘மற்றவை’யைப் பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தமளிக்கிறது. ஏ.டபிள்யூ.எஸ். 2006இலேயே தொடங்கியிருந்தும் 2015இன் முதல் காலாண்டில்தான் தனிக் கூறாக வெளிவந்தது; அதுவரை அதன் வருவாய் ‘மற்றவை’யோடு கலந்தே கிடந்தது. விளம்பரமும் 2021ஆம் ஆண்டின் அறிக்கையில் தனி வரியாக வந்தபோது ஏற்கெனவே 3,100 கோடி டாலராக வளர்ந்திருந்தது. ‘மற்றவை’ பிற வரிகளைவிட வேகமாக வளர்ந்தால், நிறுவனம் புதிதாக எதையோ விற்கத் தொடங்கிவிட்டது என்று கொண்டு, அவ்வரிக்கான அடிக்குறிப்பைத் தேடிப் படிக்க வேண்டும்.

கூறுகளின் பெயர்களைச் சென்ற ஆண்டறிக்கையோடு ஒப்பிடுவதும் அவசியம். வெட்டுக்கோடு மாறியிருந்தால், முந்தைய ஆண்டுகளின் எண்களைப் புதிய அமைப்புக்கேற்பத் திருத்தியிருப்பதாக ஒரு வாக்கியம் குறிப்புகளில் இருக்கும். அப்படி மாறிய ஆண்டில், பழைய அறிக்கையின் எண்ணையும் புதிய அறிக்கையின் எண்ணையும் அருகருகே வைத்து வளர்ச்சியைக் கணக்கிட்டால் விடை பிழையாகும். புதிய அறிக்கையே தரும் திருத்திய எண்களைக் கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.