குறைந்தபட்ச மாற்று வரி: ஒரு சொல் விளக்கம்

ஆடிட்டர் அலுவலகங்களில் ‘மேட்’ என்ற ஓரசையில் முடிந்துவிடும் இந்த வரியைத் தமிழ் நாளிதழ்கள் ‘குறைந்தபட்ச மாற்று வரி’ என்று எழுதுகின்றன. ‘மினிமம் ஆல்டர்நேட் டேக்ஸ்’ என்ற பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது அது. பெயர்ப்பில் பிழையில்லை. ஆனால் இந்தப் பெயரைப் படிப்பவருக்கு எதன்மீது விதிக்கப்படும் வரி இது என்பதும் தெரிவதில்லை, எதற்கு மாற்று என்பதும் தெரிவதில்லை.

ஒரு கம்பெனிக்கு ஒரே ஆண்டில் இரண்டு இலாபங்கள் உண்டு. கம்பெனிச் சட்டப்படி கணக்கெழுதி, தணிக்கை செய்து, பங்குதாரர்களின் பொதுக்குழுவில் வைப்பது ஒன்று. அதே வரவு செலவுகளை வருமான வரிச் சட்டத்தின் விதிகள், கழிவுகள், சலுகைகள் வழியாகச் செலுத்தியபின் எஞ்சுவது மற்றொன்று. முதலாவது கோடிக்கணக்கில் இருந்து, இரண்டாவது சுருங்கியோ இல்லாமலோ போகும்போது, பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை வழங்கிக்கொண்டே வரியே கட்டாத கம்பெனிகள் உருவாகின்றன. ‘பூஜ்ய வரிக் கம்பெனிகள்’ என்று அழைக்கப்பட்ட இவற்றிடமிருந்து ஓரளவேனும் வரி பெறுவதற்காக வந்ததே ‘மேட்’.

1987ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 115ஜே என்ற பிரிவைச் சேர்த்து, கணக்கேட்டில் தெரியும் இலாபத்தில் 30 சதவீதத்தையாவது வருமானமாகக் கொள்ள வேண்டும் என்றது. அது மூன்று மதிப்பீட்டு ஆண்டுகளோடு கைவிடப்பட்டு, 1996இல் 115ஜேஏ என்ற பிரிவாகத் திரும்பி வந்தது. 2000ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொண்டுவந்த 115ஜேபி, வருமானத்தை ஊகிக்கும் சுற்றுவழியை விட்டு, அந்த இலாபத்தின்மீதே நேரடியாக 7.5 சதவீத வரி என்றது. அந்த விகிதம் படிப்படியாக 18.5 சதவீதம் வரை ஏறி, 2019இல் 15 சதவீதத்துக்கு இறங்கியது.

பெயரின் மூலம் அமெரிக்காவில் இருக்கிறது. ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ள 155 பேர் கூட்டரசுக்கு வருமான வரியே கட்டவில்லை என்று அந்நாட்டுக் கருவூலச் செயலர் ஜோசப் பார் 1969 ஜனவரியில் நாடாளுமன்றத்திடம் சொன்னதையடுத்து, அங்கே குறைந்தபட்ச வரி பிறந்தது. பின்னர் அது ‘ஆல்டர்நேட்டிவ் மினிமம் டேக்ஸ்’ என்று பெயர் பெற்றது. நம் நாட்டில் சொல்வரிசை மாறி, ‘ஆல்டர்நேட்டிவ்’ என்பதும் ‘ஆல்டர்நேட்’ ஆகிவிட்டது. ‘ஆல்டர்நேட்’ என்பதற்கு ஒன்றுவிட்டு ஒன்று என்ற பொருளே முதன்மையானது. இங்கே அந்தப் பொருளுக்கு இடமே இல்லை என்பதால், தமிழில் ‘மாற்று’ என்று எடுத்துக்கொண்டது சரியான முடிவு.

ஆனாலும் ‘மாற்று’ என்ற சொல் வேறொரு வகையில் தடம் மாற்றுகிறது. மாற்று வழி, மாற்று ஏற்பாடு என்னும்போது, இரண்டில் விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம் என்பது உட்பொருள். இந்த வரியில் அந்தத் தேர்வு கிடையாது. இரண்டு கணக்குகளையும் போட்டுப் பார்த்து, எது அதிகமோ அதையே கட்ட வேண்டும்.

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்று காற்றாலை வாங்குவதாக வைத்துக்கொண்டால் இது துலங்கும். விலை 22 கோடி ரூபாய்; 2023–24 நிதியாண்டின் தொடக்கத்திலேயே இயங்கத் தொடங்கிவிட்டது; ஆலை பழைய வரி முறையில் 25 சதவீத விகிதத்தில் இருக்கிறது. கம்பெனிச் சட்டம் காற்றாலையின் ஆயுளை 22 ஆண்டுகள் என்கிறது. கழிவு மதிப்பாக 5 சதவீதத்தை ஒதுக்கிவிட்டு மீதியைச் சமமாகப் பிரித்தால் ஆண்டுத் தேய்மானம் 95 லட்சம். வருமான வரிச் சட்டமோ முதல் ஆண்டிலேயே 40 சதவீதத்தை, அதாவது 8.80 கோடியைக் கழிக்க விடுகிறது. (கூடுதல் தேய்மானம், மிகைவரி, செஸ் ஆகியவற்றை எளிமைக்காக விட்டுவிடுகிறேன்.) காற்றாலைத் தேய்மானத்துக்கு முந்தைய இலாபம் 10.95 கோடி என்றால், கணக்கேட்டில் 10 கோடி நிற்கும், வரிக்கணக்கில் 2.15 கோடிதான் நிற்கும். வழக்கமான வரி 53.75 லட்சம். 10 கோடியில் 15 சதவீதம் 1.50 கோடி. ஆலை கட்ட வேண்டியது 1.50 கோடி.

அப்போதைய விதிகளின்படி, மிகுதியாகக் கட்டிய 96.25 லட்சம் தொலைந்துபோகவில்லை. அது ‘மேட் கிரெடிட்’ என்ற பெயரில் ஆலையின் பேரில் வரவு வைக்கப்பட்டது. காற்றாலையின் மதிப்பு வரிக்கணக்கில் வேகமாகக் குறைவதால், பிற்பாடு கழிக்கும் தேய்மானமும் சுருங்கி, வழக்கமான வரி ஏறத் தொடங்கும். இலாபம் அதே அளவில் நீடித்தால், இரண்டாம் ஆண்டின் வழக்கமான வரி 1.41 கோடியைத் தாண்டினாலும் 1.50 கோடியை எட்டாது. வரவில் இன்னும் 8.25 லட்சம் சேரும். மூன்றாம் ஆண்டில் வழக்கமான வரி 1.94 கோடியைக் கடக்கும்போது, 1.50 கோடிக்கு மேற்பட்ட பகுதியை வரவிலிருந்து ஈடுகட்டலாம். அதே விதிகள் நீடித்திருந்தால் நான்காம் ஆண்டில் வரவு முழுவதும் தீர்ந்திருக்கும். ஆக, இந்த ஆலைக்கு மேட் என்பது கூடுதல் வரியன்று, முன்கூட்டிக் கட்டிய வரி. வரவை 15 மதிப்பீட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் செல்ல இந்த விதிகள் இடம் தந்தன. இருந்தும், 115பிஏஏ பிரிவின்கீழ் 22 சதவீத முறைக்கு மாறிய கம்பெனிக்கு மேட் இல்லாமல் போனதோடு, சேர்த்துவைத்த வரவும் கைவிட்டுப் போனது. மாறும் முன் அந்த இருப்பைப் பார்க்காதவர்கள் இழந்தது சிறிய தொகையன்று.

இனி, ‘புக் ப்ராஃபிட்’. இதைப் ‘புத்தக லாபம்’ என்று எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குப் பதிப்பகத்தாரின் நினைவுதான் வருகிறது. ‘ஏட்டு இலாபம்’ என்பது அழகாக இருந்தாலும் ஆபத்தானது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிப் பழகிய நமக்கு, ‘ஏட்டு’ என்றாலே கைக்கு வராதது என்று தோன்றும். விற்காத பங்கின் விலை உயர்வுக்கு அது பொருந்தும். தணிக்கை செய்த கணக்கின் இலாபத்துக்குப் பொருந்தாது. ‘கணக்கேட்டு இலாபம்’ என்பதே சரியான சொல்.

கணக்கேடு என்பதற்கு இங்கே சட்டத்தின் கனமும் உண்டு. அப்போலோ டயர்ஸ் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கம்பெனிச் சட்டப்படி எழுதித் தணிக்கை செய்த இலாப நட்டக் கணக்கை மதிப்பீட்டு அதிகாரி திருத்தி எழுத முடியாது. சட்டம் பட்டியலிட்ட கூட்டல் கழித்தல்களை மட்டுமே செய்யலாம். வழக்கமாகப் பிழை நேர்வதும் அந்தப் பட்டியலில்தான். இலாப நட்டக் கணக்கின் கடைசி வரியில் நிற்பது வருமான வரிக்கு ஒதுக்கியபின் எஞ்சிய தொகை. அதன்மீதே மேட் விகிதத்தைப் போட்டால் கணக்குத் தவறிவிடும். வரிக்கான ஒதுக்கீடு, ஒத்திவைத்த வரி, வாராக்கடன் போன்ற சொத்து மதிப்புக் குறைவுக்கான ஒதுக்கீடு ஆகியவற்றைத் திரும்பக் கூட்டியபின் வருவதே சட்டம் சொல்லும் கணக்கேட்டு இலாபம்.

‘குறைந்தபட்ச மாற்று வரி’ என்ற பெயர் செய்தியில் வேரூன்றிவிட்டதால் அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல்முறை எழுதும் இடத்தில் ‘கணக்கேட்டு இலாபத்தின்மீதான குறைந்தபட்ச வரி’ என்று ஒருமுறை விரித்து எழுதிவிட்டால், நூற்பாலை ஏன் 53.75 லட்சத்துக்குப் பதில் 1.50 கோடி கட்டியது என்பதைப் படிப்பவர் அந்தப் பெயரிலிருந்தே ஊகித்துக்கொள்வார்.