929-க்கு லாக் அட்டவணை கட்டுகிறீர்களா? 2-ஐ நம்பாதீர்கள்

விமான நிலையத்தில் தாளில் அச்சடித்துத் தரும் போர்டிங் பாஸில் நீளவாக்கில் ஒரு பார்கோடு இருக்குமே, அடுக்கடுக்காகக் கோடுகள் போட்டு, அதன் பெயர் PDF417. அமெரிக்க ஓட்டுநர் உரிமத்தின் பின்பக்கத்திலும் அதுதான். தாள் கசங்கினாலும், மூலையில் காபி கொட்டினாலும் ஸ்கேனர் அதைப் படித்துவிடுகிறது என்றால் அதற்குக் காரணம் உள்ளே இருக்கிற ரீட்-சாலமன் பிழைதிருத்தம். அந்தக் கணக்கு முழுக்க 929 என்ற பகா எண்ணின் மீதிகளில் நடக்கிறது. கூட்டினாலும் பெருக்கினாலும் 929-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விதி.

பார்கோடு மென்பொருளில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதிய கோடைச் சரிபார்ப்பது அதில் பெரும்பகுதி. QR-க்கு எழுதிய ரீட்-சாலமனை அப்படியே எடுத்து, எண்ணை மட்டும் 929 என்று மாற்றி PDF417-க்குப் போடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் வருகிற பிழைகள் சத்தமே போடாது. புரோகிராம் ஓடும், எண்கள் வரும், எண்கள் தப்பாக இருக்கும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அட்டவணை எதற்கு என்று பார்ப்போம். 929-ல் பெருக்குவதும் வகுப்பதும் நிறைய வரும். 3-ஐ எடுத்து அதன் அடுக்குகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1, 3, 9, 27, 81, 243, 729. அடுத்தது 2187, அதை 929-ஆல் வகுத்தால் மீதி 329. அடுத்து 987, மீதி 58. அப்புறம் 174, 522, 637, 53 என்று போய்க்கொண்டே இருக்கும். இப்படியே போனால் 1 முதல் 928 வரை எல்லா எண்ணும் ஒரே ஒரு தடவை வந்து, 928-வது அடுக்கில் மறுபடி 1-க்கு வந்து சேரும். எந்த எண்ணின் அடுக்குகள் இப்படி ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் தொடுகிறதோ அதுதான் பிரிமிட்டிவ் ரூட். ஓர் எண் எத்தனையாவது அடுக்கில் வந்தது என்பதுதான் அதன் டிஸ்கிரீட் லாக். 243-ன் லாக் 5, 329-ன் லாக் 7. இரண்டையும் பெருக்க வேண்டுமா, லாக்கைக் கூட்டினால் 12, பன்னிரண்டாவது அடுக்கு 53, விடை அதுதான். நேராகப் பெருக்கினால் 79947, 929-ஆல் வகுத்தால் மீதி 53. பள்ளிக்கூடத்தில் பயன்படுத்திய லாக் புத்தகத்தின் வேலையேதான் இது, ஆனால் இங்கே தசமம் கிடையாது, தோராயம் கிடையாது. (யாக்கோபி என்ற ஜெர்மானியக் கணிதர் 1000-க்குக் கீழுள்ள பகா எண்களுக்கெல்லாம் இத்தகைய அட்டவணைகளை 1839-லேயே புத்தகமாக அச்சிட்டுவிட்டார். 929-ம் அதற்குள் அடக்கம்.)

சரி, அந்த 3-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? 928 அடுக்குகளையும் எழுதிப் பார்க்கத் தேவையில்லை. 929 பகா எண் என்பதால், 929-ஆல் வகுபடாத எந்த எண்ணையும் 928-வது அடுக்குக்கு உயர்த்தினால் 1 வந்தே தீரும், இது ஃபெர்மா சொன்னது. ஓர் எண்ணின் அடுக்குகள் அதற்கு முன்பே 1-க்குத் திரும்பினால், அந்தச் சுற்றின் நீளம் 928-ஐ மீதியில்லாமல் வகுக்கும். 928-ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் ஐந்து 2-ம் ஒரு 29-ம், அதாவது 32 × 29. ஆக, சுற்று குறைவாக இருந்தால் அது 928/2 = 464-ஐ வகுக்க வேண்டும், இல்லாவிட்டால் 928/29 = 32-ஐ வகுக்க வேண்டும். இரண்டே சோதனை: 464-வது அடுக்கு 1 ஆகக் கூடாது, 32-வது அடுக்கும் 1 ஆகக் கூடாது.

3-ஐச் சோதிப்போம். திரும்பத் திரும்ப வர்க்கம் எடுத்தால் போதும். 3-ன் எட்டாவது அடுக்கு 58, பதினாறாவது 577, முப்பத்திரண்டாவது 347. ஒன்று இல்லை, தேறியது. அதே மாதிரி மேலே போனால் 64-வது அடுக்கு 568, 128-வது 261, 256-வது 304. 464 என்பது 256 + 128 + 64 + 16, அந்த நான்கையும் பெருக்கினால் மீதி 928. அதுவும் ஒன்று இல்லை. 3 பிரிமிட்டிவ் ரூட். PDF417-ன் தரநிலை எடுத்துக்கொண்டதும் இந்த 3-ஐத்தான்.

இப்போது 2. QR-ல் 2-தான் ஜெனரேட்டர். ஆனால் அது 256 எண்கள் கொண்ட வேறு ஓர் அமைப்பு, அதன் பெருக்கலே வேறு. அங்கே ஓடியது இங்கே ஓடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 929-ல் 2-ன் 464-வது அடுக்கு சரியாக 1. அதாவது 464 எண்களைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும், மீதி 464 கட்டங்கள் காலி. இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் ஒரு குறுக்குவழி உண்டு: ஒரு பகா எண்ணை 8-ஆல் வகுத்து மீதி 1 அல்லது 7 வந்தால், அங்கே 2 ஒரு வர்க்கத்தின் மீதியாக இருக்கும், அதனால் ஒருபோதும் பிரிமிட்டிவ் ரூட் ஆகாது. 929-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1.

காலிக் கட்டம் இருந்தால் புரோகிராம் கத்தாதா? கத்தாது. ஜாவாவிலோ சி-யிலோ அட்டவணையைத் தொடங்கும்போது எல்லாக் கட்டத்திலும் 0 போட்டு வைத்திருப்பார்கள், லாக் 0 என்றால் அந்த எண் 1 என்று அர்த்தம். 2-ஐ வைத்துக் கட்டிய அட்டவணையில் 3 வராது, அதன் கட்டத்தில் 0. ஆகவே அந்த அட்டவணை 3-ஐ 1 என்றே நினைக்கும். 3 × 4 கேட்டால் 4 என்று சொல்லும், 3 × 3 கேட்டால் 1 என்று சொல்லும். 2 × 4, 4 × 8 என்று சோதித்தவருக்கோ எல்லாம் சரியாகத் தெரியும், ஏனென்றால் அந்த எண்களெல்லாம் நிரம்பிய பாதியில் இருப்பவை.

464 சோதனை மட்டும் செய்துவிட்டு 32-ஐ விட்டுவிடுகிறவர்களும் உண்டு. "பாதியில் திரும்பவில்லை, அப்போ சரிதான்" என்பது அவர்கள் கணக்கு. 170-ஐ எடுத்துப் பாருங்கள். அதன் வர்க்கம் 101, நான்காவது அடுக்கு 911, எட்டாவது 324, பதினாறாவது 928, முப்பத்திரண்டாவது 1. முப்பத்திரண்டே எண்களில் சுற்று முடிந்துபோகிறது. ஆனால் அதன் 464-வது அடுக்கு 928, அதாவது முதல் சோதனையில் ஜம்மென்று தேறிவிடும். 929-ல் இப்படி ஏமாற்றுகிற எண்கள் 16 இருக்கின்றன, உண்மையான பிரிமிட்டிவ் ரூட்கள் 448. எனவே கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை எடுத்தாலே கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, தேடுவது கஷ்டமே இல்லை. சோதிக்காமல் விடுவதுதான் சிக்கல்.

அடுத்த பிழை இன்னும் நுணுக்கமானது, சரிபார்க்கும்போது என் கண் முதலில் போவதும் அங்கேதான். லாக்கைக் கூட்டிய பிறகு எதனால் வகுத்து மீதி எடுப்பது? எண்களை 929-ஆல், லாக்கை 928-ஆல். சுற்றின் நீளம் 928 அல்லவா. எல்லா இடத்திலும் 929 என்று எழுதிப் பழகிய கை இங்கேயும் 929 என்றே எழுதிவிடும். 3-ஐ வைத்துக் கட்டிய அட்டவணையில் 2-ன் லாக் 810. 2 × 2 போட வேண்டும் என்றால் 810 + 810 = 1620, 928-ஐக் கழித்தால் 692, அந்த அடுக்கு 4. சரி. 929-ஐக் கழித்தால் 691, அந்த அடுக்கு 311. இரண்டும் இரண்டும் பெருக்கினால் 311! ஆனால் முன்பு பார்த்த 243 × 329-ல் லாக்கின் கூட்டல் 12 மட்டுமே, அங்கே வகுக்கவே வேண்டியதில்லை, பிழையுள்ள கோடும் 53 என்று சரியாகச் சொல்லிவிடும். அட்டவணையின் ஆரம்ப வரிகளை வைத்து மட்டும் டெஸ்ட் எழுதியவருக்கு இது என்றைக்கும் அகப்படாது.

பூஜ்யத்தையும் சொல்லிவிடுகிறேன். 3-ன் எந்த அடுக்கும் 0 ஆகாது, ஆகவே 0-க்கு லாக் கிடையாது, பெருக்குவதற்கு முன்பே தனியாகப் பார்த்து 0 என்று திருப்பி அனுப்பிவிட வேண்டும். PDF417-ல் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரு எண்ணாக்குகிறார்கள், பெரிய எழுத்து A-க்கு மதிப்பு 0, அதனால் AA என்ற ஜோடியின் மதிப்பு 0. AARTHI என்ற பெயரில் அந்த இரண்டு எழுத்தும் ஒரே ஜோடியில் விழுந்தால் உங்கள் கோடில் 0 வந்து நிற்கும். மற்ற பெயர்களுக்கெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும்.

நான் அட்டவணையை இப்படித்தான் கட்டச் சொல்வேன்:

```python
P, G = 929, 3
exp, log = [0]*(P-1), [-1]*P
x = 1
for i in range(P-1):
    assert log[x] == -1
    exp[i], log[x] = x, i
    x = x*G % P
assert x == 1

def mul(a, b):
    if a == 0 or b == 0:
        return 0
    return exp[(log[a] + log[b]) % (P-1)]
```

காலிக் கட்டத்துக்கு 0 போடாமல் -1 போட்டிருப்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே நிரம்பிய கட்டத்துக்கு மறுபடி வந்தால் முதல் assert உடனே நிறுத்திவிடும். G-யில் 2 போட்டால் i = 464-ல் நிற்கும், 170 போட்டால் 32-லேயே நிற்கும். சிறிய பகா எண்ணுக்கு இது போதும், தனியாக ரூட் சோதனைகூட வேண்டாம், கட்டுவதே சோதனை. அப்புறம் mul-ஐ நேரடிப் பெருக்கலோடு எல்லா ஜோடிக்கும் ஒப்பிட்டுவிடுங்கள். 928 × 928 என்றால் 861184 ஜோடிகள், கணினிக்கு அது ஒன்றுமே இல்லை, அந்த வகுக்கும் பிழை எங்கே ஒளிந்திருந்தாலும் வெளியே வந்துவிடும்.

அட்டவணை சரியாகிவிட்டது, ஆனால் தரநிலையோடு ஒத்துப்போகிறதா என்பது வேறு கேள்வி. 448 ரூட்களில் எதை வைத்துக் கட்டினாலும் பெருக்கல் சரியாகத்தான் வரும், ஆனால் வேறு ரூட்டில் நீங்கள் அச்சடித்த பார்கோடை உங்கள் ஸ்கேனரைத் தவிர வேறெதுவும் ஏற்காது, எல்லாவற்றையும் சேதமடைந்ததாகவே பார்க்கும். இதற்குக் கையாலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பிழைதிருத்த நிலை 0-க்கான பல்லுறுப்புக்கோவை (x − 3)(x − 9). விரித்தால் மாறிலி 27, x-ன் கெழு −12, அதை 929-ல் எழுதினால் 917. தரநிலையின் அட்டவணையில் நிலை 0-க்கு இருப்பது 27, 917. நிலை 1-க்கு 522, 568, 723, 809 வர வேண்டும், அதில் 522 என்பது மேலே பார்த்த 3-ன் பத்தாவது அடுக்கேதான், ஏனென்றால் அது முதல் நான்கு அடுக்குகளின் பெருக்கம். நிலை 0-க்கு 8, 923 என்று வந்தால் எங்கோ இன்னும் 2 உட்கார்ந்திருக்கிறது.